லாசோ நிஜமாகவே 0 தருகிறதா, ரிட்ஜ் ஏன் தருவதில்லை: சரிபார்க்கும்போது எழும் கேள்விகள்

லாசோ எடையை 0 ஆக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. உண்மையிலேயே 0-வா, இல்ல ரொம்பச் சின்ன எண்ணைத்தான் அப்படிச் சொல்றாங்களா?

லாசோவும் ரிட்ஜும் ரெக்ரஷன் மாடலின் எடைகள் பெரிதாகிவிடாமல் இருக்க, பிழையோடு ஒரு பெனால்டியையும் சேர்த்துக் குறைக்கும் இரண்டு முறைகள். லாசோவில் வருவது உண்மையிலேயே 0. கணினியில் `== 0` என்று கேட்டால் `True` என்று பதில் வரும் 0. 0.0000001 வேறு, இது வேறு. ரிட்ஜில் அந்தக் கேள்விக்கு ஏறக்குறைய எப்போதும் `False`தான் வரும், எடை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் சரி. இந்த "ஏறக்குறைய"வுக்குள் சில விதிவிலக்குகள் இருக்கின்றன, அவற்றைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

ஒரு நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாசோவின் கணக்குக்குச் சரியான விடையில் 0 இருக்கிறது என்பது ஒரு விஷயம். உங்கள் ப்ரோகிராம் அந்த விடையைக் கண்டுபிடிக்கும் விதம் அந்த 0-வை 0-ஆகவே கொண்டுவந்து சேர்க்குமா என்பது இன்னொரு விஷயம். "எனக்கு மட்டும் 0 வரவே இல்லை" என்று வரும் புகார்களில் நிறைய இந்த இரண்டாவது இடத்தில்தான் சிக்கியிருக்கும்.

ரெண்டுமே எடையைக் குறைக்கத்தானே செய்யுது? ஒண்ணு மட்டும் ஏன் 0 வரைக்கும் போகுது?

எடையை 0 பக்கம் இழுக்கும் விசை எவ்வளவு என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

ரிட்ஜின் பெனால்டி எடையின் வர்க்கம். அதன் சரிவு எடைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். எடை 3 என்றால் பலமான இழுப்பு, 0.3 என்றால் பத்தில் ஒரு பங்கு, 0.003 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. 0-வை நெருங்க நெருங்க இழுப்பும் கரைந்துகொண்டே போகிறது. 0-விலேயே இழுப்பு சுத்தமாக இல்லை. அதனால் டேட்டா அந்த எடையை எதிர்ப்பக்கம் கொஞ்சமே கொஞ்சம் தள்ளினாலும் போதும், எடை 0-வில் நிற்காது.

லாசோவின் பெனால்டி எடையின் தனிமதிப்பு, அதாவது குறியை விட்டுவிட்ட அளவு. எடை 3 ஆனாலும் 0.003 ஆனாலும் இழுப்பு ஒரே அளவுதான். 0-வில் அந்த வளைகோட்டுக்கு ஒரு முனை இருக்கிறது. பெனால்டியின் பலத்தை λ என்று வைத்தால், அங்கே சரிவு ஒற்றை எண்ணாக இல்லாமல் -λ முதல் +λ வரை எதுவாகவும் இருக்கலாம். டேட்டாவின் தள்ளல் இந்த எல்லைக்குள் இருக்கும்வரை பெனால்டி அதைச் சரிக்குச் சரி எதிர்த்து நிற்கும், எடை 0-விலிருந்து அசையாது.

ரிட்ஜை ஒரு சுருள்வில் என்றும் லாசோவைத் தரையின் உராய்வு என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். சுருள்வில்லில் மாட்டிய பொருளை விரல் நுனியால் தொட்டாலும் கொஞ்சம் நகரும். தரையில் கிடக்கும் கனமான பெட்டி அப்படி இல்லை, ஒரு அளவுக்கு மேல் தள்ளும்வரை அது துளிகூட நகராது. லாசோவில் அந்த "ஒரு அளவு"தான் λ.

இதைக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும், அதுவும் நாலே வரி டேட்டாவில். நெடுவரிசைகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்துக்கொள்வதுதான் இதில் சூட்சுமம். அப்படி வைத்தால் ஒவ்வொரு எடையையும் மற்றதைப் பற்றிக் கவலைப்படாமல் தனியாகக் கணக்கிடலாம்.

மூன்று ஃபீச்சர்கள். முதலாவது (1, 1, -1, -1), இரண்டாவது (1, -1, 1, -1), மூன்றாவது (1, -1, -1, 1). எந்த இரண்டை எடுத்துப் பெருக்கிக் கூட்டினாலும் 0 வரும், பார்த்துக்கொள்ளுங்கள். இலக்கு y-ஐ நாமே செய்துகொள்வோம்: முதலாவதின் 3 மடங்கு, இரண்டாவதின் 0.8 மடங்கு, மூன்றாவதின் -0.5 மடங்கு. கூட்டினால் y = (3.3, 2.7, -1.7, -4.3). சத்தம் எதுவும் கலக்கவில்லை. எனவே பெனால்டியே இல்லாத சாதாரண ரெக்ரஷன் 3, 0.8, -0.5 என்று அப்படியே திருப்பித் தரும். இந்த எண்ணை z என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒவ்வொரு எடைக்கும் லாசோ செய்வது இதைத்தான்: ½(w − z)² + λ|w| என்பதை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது. விடை என்னவென்றால், z-இன் அளவிலிருந்து λ-வைக் கழி, கழித்தது மைனஸில் போனால் 0 வை, அப்புறம் z-இன் குறியைத் திரும்பப் போடு. λ = 1 என்றால் 3 என்பது 2 ஆகிறது. 0.8-இல் 1-ஐக் கழிக்க முடியாது, எனவே 0. -0.5-உம் அப்படியே 0. லாசோவின் விடை (2, 0, 0).

ரிட்ஜில் ½(w − z)² + ½λw². சரிவை 0 ஆக்கினால் w = z / (1 + λ). λ = 1 என்றால் எல்லாமே பாதி: (1.5, 0.4, -0.25).

லாசோ கழிக்கிறது, ரிட்ஜ் வகுக்கிறது. கழித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் 0 வந்தே தீரும், வகுத்துக்கொண்டே போனால் வராது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான், வேறு படமோ தேற்றமோ இல்லாமலே பாதி விஷயம் இங்கே முடிந்துவிடுகிறது.

சரி, அதையே scikit-learn-இல் ஓட்டிப் பார்க்கணும்.

```python
import numpy as np
from sklearn.linear_model import Lasso, Ridge

X = np.array([[ 1,  1,  1],
              [ 1, -1, -1],
              [-1,  1, -1],
              [-1, -1,  1]], dtype=float)
y = np.array([3.3, 2.7, -1.7, -4.3])

las = Lasso(alpha=1.0).fit(X, y)
rid = Ridge(alpha=4.0).fit(X, y)

print(las.coef_, las.coef_ == 0)
print(rid.coef_, rid.coef_ == 0)
```

லாசோவுக்கு 2, 0, 0 என்றும் பக்கத்தில் `False True True` என்றும் வரும். ரிட்ஜுக்கு 1.5, 0.4, -0.25, மூன்றுக்கும் `False`. கையால் போட்டதும் கணினி தந்ததும் ஒன்றாக இருக்கின்றன.

`print` காட்டும் எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அட்டவணையில் இரண்டு தசமத்துக்குச் சுருக்கிப் போட்டால் ரிட்ஜின் 0.0004-உம் 0.00 என்றுதான் தெரியும், "பார், ரிட்ஜும் 0 ஆக்குகிறதே" என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். அதனால்தான் `== 0` கேட்கிறோம். பொதுவாக மிதவைப் புள்ளி எண்களை `==` வைத்து ஒப்பிடாதே என்று சொல்லித் தருவார்கள், நல்ல அறிவுரைதான். ஆனால் இங்கே நாம் சோதிக்க வந்ததே அந்த இரண்டின் வித்தியாசத்தைத்தான். `np.isclose` போட்டு அதன் `atol`-ஐத் தாராளமாக வைத்தால் ரிட்ஜின் பொடி எடைகளையும் 0 கணக்கில் சேர்த்துவிட்டு, சோதனையையே அர்த்தமில்லாமல் ஆக்கிவிடும்.

லாசோவுக்கு alpha 1, ரிட்ஜுக்கு மட்டும் ஏன் 4? இது அழுகுணி ஆட்டம் இல்லையா?

இல்லை, சமமாக்கத்தான் அப்படிப் போட்டது. scikit-learn-இல் இந்த இரண்டு கிளாஸ்களும் ஒரே பெயரில் வேறு வேறு அளவுகளை வாங்கிக்கொள்கின்றன. `Lasso` தன் பிழையின் வர்க்கக் கூட்டுத்தொகையை 2n-ஆல் வகுத்துவிட்டுப் பெனால்டியைச் சேர்க்கிறது (n என்பது வரிகளின் எண்ணிக்கை). `Ridge` எதனாலும் வகுப்பதில்லை, கூட்டுத்தொகையை அப்படியே எடுத்துக்கொள்கிறது. மேலே கையால் போட்ட λ = 1-க்கு லாசோவில் alpha = 1 போதும், ரிட்ஜில் அதே பலம் வேண்டுமானால் n × λ, அதாவது 4.

நாலு வரிக்கு இது பெரிதாகத் தெரியாது. பத்தாயிரம் வரி டேட்டாவில் இரண்டுக்கும் alpha = 1 என்று போட்டால் ரிட்ஜின் பெனால்டி கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதான். லாசோ பாதி ஃபீச்சர்களைத் தூக்கி எறிந்திருக்கும், ரிட்ஜ் சாதாரண ரெக்ரஷனின் எண்களையே திருப்பித் தந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு "ரிட்ஜ் சுருக்கக்கூட இல்லை" என்று எழுதுவது தவறான முடிவு.

அப்போ ரிட்ஜுக்கு alpha-வைக் கண்ணுமண்ணு தெரியாம ஏத்தினா? அப்பவாவது 0 வருமா?

ஏற்றிப் பாருங்கள். நம் டேட்டாவில் ரிட்ஜின் விடை 4z / (4 + alpha). alpha = 4000000 என்று போட்டால் மூன்று எடைகளும் சுமார் 0.000003, 0.0000008, -0.0000005. மாடல் நடைமுறையில் செத்துவிட்டது, எந்த வரியைக் கொடுத்தாலும் சராசரியைத்தான் கணிக்கும். ஆனாலும் ஒரு எடைகூட 0 இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள், முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள விகிதம் இன்னமும் 3-க்கு 0.8தான். ரிட்ஜ் எல்லாரையும் ஒரே விகிதத்தில் சுருக்கியது, யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. (நெடுவரிசைகள் செங்குத்தாக இல்லாத டேட்டாவில் விகிதங்கள் மாறும், ஆனால் 0 ஆகாத கதை மாறாது.)

லாசோவில் alpha-வை நகர்த்தினால் காட்சியே வேறு. 0.4-இல் (2.6, 0.4, -0.1), ஒன்றுகூட 0 இல்லை. 0.6-இல் (2.4, 0.2, 0), மூன்றாவது போய்விட்டது. 1-இல் இரண்டாவதும் போய்விட்டது. 3-ஐத் தொட்டதும் எல்லாமே 0. கோடியெல்லாம் வேண்டாம், 3-இலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது.

லாசோவில் `-0.` என்று வருது. இது பிழையா?

இல்லை. -0.5-ஐச் சுருக்கி அளவு 0 ஆனபின் பழைய குறியைப் பெருக்குவதால் வரும் மைனஸ் 0. கணினியின் மிதவைப் புள்ளி எண்களில் அப்படி ஒன்று உண்டு, `-0.0 == 0` என்பது `True`தான். சொல்லப்போனால் அது ஒரு நல்ல அறிகுறி: அந்த எடை எந்தப் பக்கத்திலிருந்து வந்து 0-வில் நின்றது என்றுகூடத் தெரிகிறது.

`== 0` வந்துவிட்டால் சோதனை முடிந்ததா?

இல்லை, பாதிதான் முடிந்தது. scikit-learn-இன் லாசோ ஒரு நேரத்தில் ஒரு எடையை எடுத்து, மற்றவற்றை அப்படியே வைத்துவிட்டு, மேலே சொன்ன கழிக்கும் கணக்கைச் செய்துகொண்டே சுற்றிச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு அடியிலும் கழித்தல் நடப்பதால், பாதி வழியில் நிறுத்தினாலும் சில எடைகள் சரியாக 0 ஆகத்தான் இருக்கும். ஆனால் அவை கடைசி விடையிலும் 0 ஆக இருக்க வேண்டியவையா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. `ConvergenceWarning` வந்தும் கண்டுகொள்ளாமல் 0-க்களை எண்ணிக்கொண்டு போகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

சரியான சோதனை, மிச்சப் பிழையைத் திரும்பிப் பார்ப்பது. மாடல் கணித்ததை y-இலிருந்து கழித்து, மிஞ்சியதை ஒவ்வொரு ஃபீச்சரோடும் பெருக்கிக் கூட்டி n-ஆல் வகுத்தால், அந்த ஃபீச்சரின் எடையை டேட்டா இன்னும் எவ்வளவு தள்ளுகிறது என்று தெரிந்துவிடும்.

```python
r = y - las.predict(X)
print(X.T @ r / len(y))
```

நம் டேட்டாவில் w = (2, 0, 0) என்பதால் மிச்சம் (1.3, 0.7, 0.3, -2.3). முதல் ஃபீச்சருக்கு (1.3 + 0.7 − 0.3 + 2.3) / 4 = 1. இரண்டாவதுக்கு (1.3 − 0.7 + 0.3 + 2.3) / 4 = 0.8. மூன்றாவதுக்கு இதே மாதிரி -0.5.

எப்படி வாசிப்பது? 0 ஆகாத எடைக்கு இந்த எண்ணின் அளவு சரியாக alpha-வாக இருக்க வேண்டும், குறியும் எடையின் குறியோடு ஒத்துப்போக வேண்டும். முதலாவதுக்கு 1, சரி. 0 ஆன எடைகளுக்கு இதன் அளவு alpha-வைத் தாண்டக் கூடாது. 0.8-உம் 0.5-உம் 1-க்குள் அடங்குகின்றன, சரி. 0 ஆன ஒன்றுக்கு இது 1.2 என்று வந்திருந்தால், அந்த 0 பொய், ப்ரோகிராம் இன்னும் ஓடி முடிக்கவில்லை என்று அர்த்தம். அப்போது `max_iter`-ஐ ஏற்றுங்கள், `tol`-ஐக் குறையுங்கள்.

பெரிய டேட்டாவில் 0 ஆகாதவற்றுக்கு alpha-வோடு கடைசித் தசமம்வரை பொருந்தாது, `tol` அளவுக்கு ஒட்டி வரும். அதில் தப்பில்லை.

இதே இரண்டு வரியை ரிட்ஜுக்குப் போட்டுப் பாருங்கள். மிச்சத்தின் தள்ளல் ஒவ்வொரு எடைக்கும் எடையின் அளவிலேயே வரும்: 1.5, 0.4, -0.25. சுருள்வில் எவ்வளவு நீண்டிருக்கிறதோ அவ்வளவு இழுப்பு. தள்ளல் 0 ஆக இருந்தால் மட்டுமே எடையும் 0.

PyTorch-இல் loss-ஓட L1 பெனால்டி சேர்த்துப் பயிற்சி கொடுத்தேன். ஒரு எடைகூட 0 ஆகலை, எல்லாம் 0.0003, -0.001 மாதிரி நிக்குது. லாசோ பொய்யா?

லாசோ பொய் இல்லை, நீங்கள் ஓட்டிய இறக்க முறைக்கு 0-வில் நிற்கத் தெரியாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

நம் இரண்டாவது ஃபீச்சரையே எடுங்கள், z = 0.8, λ = 1, அடியின் நீளம் 0.1. எடை இப்போது 0.03-இல் இருக்கிறது என்று வைப்போம். சரியான விடை 0 என்று நமக்குத் தெரியும். சரிவு 0.03 − 0.8 + 1 = 0.23, ஒரு அடி வைத்தால் எடை 0.007. நன்றாகத்தான் போகிறது. அடுத்த அடியில் சரிவு 0.207, எடை -0.0137. 0-வைத் தாண்டிக் குதித்துவிட்டது. இப்போது குறி மாறியதால் பெனால்டியின் இழுப்பும் திசை மாறுகிறது: -0.0137 − 0.8 − 1 = -1.8137. அடுத்த அடியில் எடை 0.1677-க்கு எகிறுகிறது. அப்புறம் மறுபடி மெல்ல இறங்கி, மறுபடி தாண்டி, மறுபடி எகிறி, இப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அடியின் நீளத்தைக் குறைத்தால் எகிறும் உயரம் குறையும், அவ்வளவுதான். தப்பித்தவறி எடை சரியாக 0-வில் விழுந்தாலும் நிற்காது: 0-வில் `abs`-இன் சரிவை PyTorch 0 என்று எடுத்துக்கொள்கிறது, எனவே டேட்டாவின் 0.8 அதை உடனே வெளியே தள்ளிவிடும். அந்த -λ முதல் +λ வரையான எல்லை பற்றி இந்த முறைக்கு எதுவும் தெரியாது.

தீர்வு, பெனால்டியைச் சரிவில் சேர்க்காமல் தனியாகக் கழிப்பது. முதலில் டேட்டாவின் பிழைக்கு மட்டும் ஒரு அடி, பிறகு λ × அடி நீளம் அளவுக்குச் சுருக்கல்:

```python
u = w - lr * grad_data
w = np.sign(u) * np.maximum(np.abs(u) - lr * lam, 0.0)
```

அதே 0.03-இலிருந்து கிளம்புவோம். டேட்டாவுக்கான அடி: 0.03 − 0.1 × (0.03 − 0.8) = 0.107. இதில் 0.1-ஐக் கழித்தால் 0.007, முன்பு வந்த அதே எண். அடுத்த அடியில் u = 0.0863, இதில் 0.1-ஐக் கழிக்க முடியாது, எனவே 0. அதற்கடுத்த அடியில் u = 0.08, மறுபடி 0. இனி அங்கேயே நிற்கும். முதல் அடி இரண்டிலும் ஒன்றே. இரண்டாவது அடியில் ஒன்று தாண்டிப் போகிறது, மற்றது நின்றுவிடுகிறது.

பயிற்சி முடிந்தபின் 0.001-க்குக் கீழே இருப்பதையெல்லாம் 0 ஆக்கிவிடலாமே என்று சிலர் செய்கிறார்கள். வேலைக்கு ஆகலாம், ஆனால் அந்த 0.001 நீங்கள் வைத்த எல்லை, லாசோ வைத்தது இல்லை. அதே கத்தியை ரிட்ஜ் மாடலிலும் வைத்தால் அங்கேயும் 0-க்கள் கொட்டும், அப்புறம் இரண்டையும் ஒப்பிட என்ன இருக்கிறது?

ஆப்டிமைசரில் இருக்கும் `weight_decay` லாசோ இல்லை, ரிட்ஜ் வகையைச் சேர்ந்தது. அதிலிருந்து 0 எதிர்பார்க்காதீர்கள்.

என் ரிட்ஜ் மாடலில் சில எடைகள் சரியாக 0 வந்திருக்கே, இதுக்கு என்ன சொல்றீங்க?

அந்த ஃபீச்சர்களின் நெடுவரிசையைப் போய்ப் பாருங்கள். பயிற்சி டேட்டாவில் அது முழுக்க 0 ஆகவோ, முழுக்க ஒரே எண்ணாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். வகைகளையோ சொற்களையோ தனித்தனி நெடுவரிசைகளாக விரித்த டேட்டாவில் இது சாதாரணம், டேட்டாவைப் பிரித்தபோது ஒரு வகை பயிற்சிப் பக்கம் ஒரு தடவைகூட வந்திருக்காது. டேட்டா அந்த எடையைத் தள்ளவே இல்லை, எனவே சின்னப் பெனால்டிகூட அதை 0-வில் வைத்துவிடும். இதில் ரிட்ஜ் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. ஃபீச்சர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால், alpha ஏற ஏற ஒரு ரிட்ஜ் எடை பிளஸிலிருந்து மைனஸுக்கு மாறலாம். மாறும் வழியில் ஏதோ ஒரு alpha-வில் அது 0-வைக் கடந்தாக வேண்டும். ஆனால் அது ஒற்றைப் புள்ளி. alpha-வை ஒரு மயிரிழை நகர்த்தினாலும் 0 போய்விடும். லாசோவின் 0 அப்படி இல்லை, நம் உதாரணத்தில் இரண்டாவது எடை 0.8-இலிருந்து மேலே எந்த alpha-வுக்கும் 0தான். சந்தேகம் வந்தால் இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம்: alpha-வைக் கொஞ்சம் அசையுங்கள், 0 நிலைக்கிறதா பாருங்கள்.

எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. `Lasso` கிளாஸையே பயன்படுத்துறேன், ஒண்ணுகூட 0 ஆகலை.

alpha சின்னதாக இருக்கும். லாசோ 0 தரும் என்பதற்கு எந்த alpha-விலும் தரும் என்று பொருளில்லை, 0.4-இல் நம் உதாரணத்திலும் எதுவும் போகவில்லை.

எல்லாமே 0 ஆகும் alpha எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். y-இலிருந்து அதன் சராசரியைக் கழித்து, ஒவ்வொரு ஃபீச்சரோடும் பெருக்கிக் கூட்டி n-ஆல் வகுத்து, வருவதில் அளவில் பெரியதை எடுங்கள். நம் டேட்டாவில் அது 3. அங்கிருந்து ஆயிரத்தில் ஒரு பங்குவரை, ஒவ்வொரு தடவையும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொண்டே வந்து 0-க்களை எண்ணினால் எது எப்போது உள்ளே வருகிறது என்று தெரியும். `lasso_path` இதைத்தான் செய்கிறது. ஒரு சின்ன எச்சரிக்கை, பின்னிக் கிடக்கும் ஃபீச்சர்களில் ஒரு எடை உள்ளே வந்துவிட்டு மறுபடி 0-க்குத் திரும்புவதும் நடக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அலகையும் பாருங்கள். ஒரு தூரத்தைக் கிலோமீட்டரில் கொடுத்தால் அதற்கு வேண்டிய எடை, மீட்டரில் கொடுத்தால் வேண்டியதைப் போல ஆயிரம் மடங்கு. பெனால்டி எடையின் அளவைத்தான் பார்க்கிறது, அலகு அதற்குத் தெரியாது. எனவே கிலோமீட்டரில் இருந்தால் அந்த ஃபீச்சர் 0 ஆகலாம், மீட்டரில் இருந்தால் தப்பித்துவிடலாம். `StandardScaler` போடாமல் "லாசோ எதைத் தேர்ந்தெடுத்தது" என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

0 ஆன ஃபீச்சர் தேவையில்லாததுன்னு எடுத்துக்கலாமா?

நம் y-ஐ நாமேதான் செய்தோம், இரண்டாவது ஃபீச்சருக்கு 0.8 பங்கு அதில் நிஜமாகவே இருக்கிறது, சத்தம்கூட இல்லை. ஆனாலும் alpha = 1-இல் லாசோ அதை 0 ஆக்கியது. அந்த 0 சொல்வது இவ்வளவுதான்: மற்ற ஃபீச்சர்கள் விளக்கியது போக மிஞ்சியதில் இதன் தள்ளல் alpha-வைத் தாண்டவில்லை.

நகல் ஃபீச்சர்களில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். முதல் நெடுவரிசையை அப்படியே நகலெடுத்து நாலாவதாக ஒட்டுங்கள். ரிட்ஜ் (alpha = 4) இரண்டுக்கும் 1, 1 என்று சமமாகப் பிரித்துக் கொடுக்கும். லாசோவுக்கு (alpha = 1) கூட்டுத்தொகை 2 ஆக இருந்தால் போதும், பிளஸ் பக்கத்தில் எப்படிப் பிரித்தாலும் அதற்கு ஒன்றுதான். ஒவ்வொரு எடையாகச் சுற்றி வரும் முறையில் முதலில் இருக்கும் நெடுவரிசை 2-ஐயும் எடுத்துக்கொள்ளும், நகலுக்கு 0. நெடுவரிசைகளின் வரிசையை மாற்றினால் 0 ஆவதும் மாறும். (இங்கே நகலின் தள்ளல் சரியாக எல்லையிலேயே நிற்பதால், கணினியில் 1e-16 அளவில் ஒரு தூசு மிஞ்சவும் கூடும்.) அச்சு அசல் நகலாக இல்லாமல் வெறுமனே நெருக்கமாக இருந்தாலும், டேட்டாவில் சில வரிகளை மாற்றியதும் தேர்வு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவலாம். இது உங்களுக்கு ஒத்துவராது என்றால் இரண்டு பெனால்டியையும் கலந்த `ElasticNet` இருக்கிறது, அதிலும் 0-க்கள் சரியாகவே வரும், நகல்களும் பங்கைப் பிரித்துக்கொள்ளும்.

தப்பித்த எடையையும் அப்படியே நம்பாதீர்கள். 3 ஆக இருந்தது 2 ஆகியிருக்கிறது, லாசோ அதிலும் கை வைத்திருக்கிறது. உண்மையான அளவு வேண்டுமென்றால், 0 ஆகாத ஃபீச்சர்களை மட்டும் வைத்துப் பெனால்டி இல்லாமல் மறுபடி பொருத்துவார்கள். நம் உதாரணத்தில் 3 திரும்ப வந்துவிடும்.

எல்லா இடத்துலயும் போடுற அந்த வைரம், வட்டம் படத்தைப் பத்தி எதுவும் சொல்லலையே?

லாசோவை அறிமுகப்படுத்திய ராபர்ட் டிப்ஷிரானியின் 1996 கட்டுரையிலேயே அந்தப் படம் இருக்கிறது. எடைகள் போகக்கூடிய எல்லையை லாசோவுக்கு வைரமாகவும் ரிட்ஜுக்கு வட்டமாகவும் அது வரைகிறது. வைரத்தின் முனையில் விடை விழுந்தால் ஒரு எடை 0, வட்டத்துக்கு முனையே இல்லை. நல்ல படம்தான். ஆனால் அதைப் பார்ப்பவர்கள் விடை எப்போதும் முனையில்தான் விழும் என்று நினைத்துவிடுகிறார்கள். பக்கவாட்டிலும் விழலாம், alpha = 0.4-இல் நமக்கு அதுதான் நடந்தது. எந்த அளவுக்கு மேல் முனையில் விழும் என்று படத்தில் தெரியாது, மிச்சப் பிழையின் தள்ளலை alpha-வோடு ஒப்பிட்டால் தெரியும்.

R-இல் `glmnet` வைச்சு இதே சோதனையைச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் பெயர்கள் குழப்பும். அங்கே `alpha` என்பது பெனால்டியின் வகை: 1 என்றால் லாசோ, 0 என்றால் ரிட்ஜ். பலம் `lambda`-வில் இருக்கிறது. `coef()` கொடுத்தால் சரியாக 0 ஆன எடைகளின் இடத்தில் எண்ணுக்குப் பதில் ஒரு புள்ளி மட்டும் அச்சாகும், எனவே கண்ணாலேயே பிரித்துப் பார்த்துவிடலாம். ஃபீச்சர்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் வேலையை அது தானாகவே செய்துவிட்டு எடைகளைப் பழைய அலகிலேயே திருப்பித் தருகிறது. ஆகவே scikit-learn-இல் அளவு சரிசெய்யாமல் ஓட்டிய எண்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்தாது. வேண்டுமென்றால் `standardize = FALSE` போட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.